துஆவில் கனவு என்ற சொல் இல்லை: எங்கள் இஸ்திகாரா அனுபவம்

அம்மாவுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்த பிறகு, ஜூரோங் வெஸ்ட்டில் உள்ள எங்கள் நான்கறை வீட்டை விற்றுவிட்டு, பிடோக்கில் அம்மா குடியிருக்கும் புளோக்குக்கு எதிரே ஒரு மறுவிற்பனை வீட்டை வாங்கலாமா என்ற கேள்வி எழுந்தது. அம்மாவின் பக்கத்தில் இருப்போம் என்பது ஒருபுறம். துவாஸில் வேலை பார்க்கும் என் மனைவிக்குப் பயணம் இரு மடங்காகும், உயர்நிலை மூன்றில் படிக்கும் மகன் பள்ளிக்காகத் தீவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போக வேண்டியிருக்கும் என்பது மறுபுறம். வீடு பிடித்துப்போகவே 1,000 வெள்ளி கொடுத்து ஆப்ஷன் பத்திரத்தை வாங்கிவிட்டோம். சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகமான வீவகவின் விதிப்படி, வாங்குவதா இல்லையா என்று முடிவு செய்ய 21 நாள்கள் இருந்தன. வாங்காவிட்டால் அந்தப் பணம் திரும்பக் கிடைக்காது.

அன்றிரவே, ஒரு காரியத்தில் நன்மையானதை அல்லாஹ்விடம் நாடும் தொழுகையான இஸ்திகாரா தொழுதேன். ஆனால் நான் செய்ததில் பாதி என் கற்பனை. இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு, "யா அல்லாஹ், எது நல்லது என்று எனக்குக் காட்டு" என்று பொதுவாகக் கேட்டேன். யாருடனும் பேசாமல் வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்துக் கனவுக்காகக் காத்திருந்தேன். மூன்று நாள் ஒன்றும் வரவில்லை. பகலில் கண்டதையெல்லாம் அடையாளமாக எண்ணத் தொடங்கினேன். ரயில் தாமதமானால் வேண்டாம் என்று பொருள், வீட்டுக்காரர் அன்பாகப் பேசினால் வாங்கு என்று பொருள். நான்காம் இரவு, காலமான என் அத்தா கடையநல்லூர் வீட்டு முற்றத்தில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதாகக் கனவு கண்டேன். தண்ணீர் பரக்கத், தாராளமாக வாங்கு என்றார் அம்மா. அத்தா பழைய வீட்டிலேயே நிற்கிறார், ஆகவே இருக்கும் வீட்டை விடாதே என்றார் என் அக்கா. ஒரே கனவுக்கு இரண்டு எதிரெதிர் விளக்கங்கள் கிடைத்த பிறகுதான், பள்ளிவாசலுக்குப் போய் ஹஜ்ரத்திடம் கேட்போம் என்று தோன்றியது.

எனக்காக நீங்களே இஸ்திகாரா பார்த்துச் சொல்ல முடியுமா என்றுதான் முதலில் கேட்டேன். அவர் மறுத்தார். "தம்பி, அந்த துஆவுல 'எனக்கு'ன்னுதான் வருது. முடிவு எடுக்கப்போறது நீங்க, வாழப்போறது நீங்க. நீங்களே தொழுங்க" என்று சொல்லி, துஆவைத் தாளில் எழுதி வரி வரியாக விளக்கினார். ஜாபிர் பின் அப்துல்லாஹ் அறிவித்து ஸஹீஹ் புகாரியில் பதிவாகியுள்ள ஹதீஸ் அது. குர்ஆனின் ஓர் அத்தியாயத்தைக் கற்றுத்தருவதைப்போல நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் எல்லாக் காரியங்களிலும் இஸ்திகாராவைக் கற்றுத்தந்தார்கள் என்றும், கடமையல்லாத இரண்டு ரக்அத் தொழுதபின் இந்த துஆவை ஓத வேண்டும் என்றும் அதில் வருகிறது.

"அல்லாஹும்ம இன்னீ அஸ்தகீருக்க பிஇல்மிக்க" என்று அது தொடங்குகிறது. உன் அறிவைக் கொண்டு எனக்கு நன்மையானதை உன்னிடம் நாடுகிறேன், உன் ஆற்றலைக் கொண்டு எனக்கு ஆற்றலைக் கேட்கிறேன், நீ அறிகிறாய், நான் அறியேன் என்பது அதன் முதற்பகுதி. இந்தக் காரியம் என் மார்க்கத்துக்கும் வாழ்க்கைக்கும் என் காரியத்தின் இறுதி விளைவுக்கும் நன்மை என்று நீ அறிந்தால், இதை எனக்கு விதித்து, எளிதாக்கி, பரக்கத் செய்வாயாக. தீமை என்று அறிந்தால், இதை என்னைவிட்டும் என்னை இதைவிட்டும் திருப்புவாயாக. நன்மை எங்கிருந்தாலும் அதை எனக்கு விதித்து, அதில் எனக்குத் திருப்தியைத் தருவாயாக என்பது எஞ்சிய பகுதி. வாசித்து முடித்ததும் ஹஜ்ரத் கேட்டார்: "இதுல கனவு எங்க இருக்கு, காட்டுங்க பார்ப்போம்."

எங்கும் இல்லை. காட்டு, சொல், அறிவி என்ற சொல்லும் இல்லை. நான் எதிர்பார்த்தது ஒரு செய்தி. துஆ கேட்பதோ காரியத்தை நடத்தித் தருவதை அல்லது தடுத்துவிடுவதை. ஆகவே தொழுதுவிட்டுக் கைகட்டிக் காத்திருப்பது இந்த துஆவுக்குப் பொருந்தாது. விவரம் தெரிந்தவர்களிடம் ஆலோசனை கேட்டு, கணக்குப் போட்டு, சரியென்று பட்ட பக்கம் அடியெடுத்து வைக்க வேண்டும். வழி திறப்பதும் அடைபடுவதும் அப்போதுதான் தெரியும்.

தொழுதபின் மனம் எதன்பால் விரிகிறதோ அதைச் செய்யலாம் என்று இமாம் நவவி சொன்னதாக எங்கோ கேட்டிருந்ததைச் சொன்னேன். உண்மைதான் என்ற ஹஜ்ரத், தொழுகைக்கு முன்பே மனத்தில் பலமான ஆசை இருந்திருந்தால் அந்த மனவிரிவை நம்பக்கூடாது என்று இப்னு ஹஜர் எழுதியிருப்பதையும் சேர்த்துச் சொன்னார். அது என்னைச் சுட்டது. வீட்டைப் பார்த்த அன்றே, சமையலறை சன்னலிலிருந்து அம்மாவின் தாழ்வாரம் தெரிந்த அந்த நொடியிலேயே, நான் முடிவு செய்துவிட்டேன். அதன் பிறகு நான் கேட்டது வழிகாட்டலை அன்று, ஒப்புதலை.

அன்றிரவு இஷாவுக்குப் பிறகு ஒளூ செய்து மீண்டும் தொழுதேன். நான் வேலையிலிருந்து திரும்பும் ஐந்தரை மணி இதற்கு ஏற்ற நேரமன்று. அஸர் தொழுததிலிருந்து சூரியன் மறையும்வரை இத்தொழுகை தொழுவதில்லை, சுப்ஹுக்குப் பிறகு சூரியன் உதித்து உயரும்வரையும் அப்படியே. முதல் ரக்அத்தில் பாத்திஹாவுக்குப் பின் காஃபிரூன், இரண்டாவதில் இக்லாஸ் ஓதினேன். வேறு சூரா ஓதினாலும் கூடும். ஸலாம் கொடுத்தபின் கைகளை உயர்த்தி, தாளைப் பார்த்தே துஆவை ஓதினேன். "இந்தக் காரியம்" என்று வரும் இடத்தில், பிடோக்கில் இந்த வீட்டை இந்த விலைக்கு வாங்குவது என்று தமிழில் குறிப்பிட்டேன். இதுவா அதுவா என்று இரண்டை வைக்காமல், செய்ய நினைக்கும் ஒன்றை மட்டும் வைக்க வேண்டும் என்பதை அப்போதுதான் பழகினேன். மனைவிக்கு அது தொழக்கூடாத நாள்களாக இருந்ததால், அவர் துஆவை மட்டும் ஓதினார்.

பதினோராம் நாள் வீவக மதிப்பீடு வந்தது. பேசிய விலையைவிட 38,000 வெள்ளி குறைவு. அந்த வித்தியாசத்தை மத்திய சேம நிதியிலிருந்தோ கடனாகவோ கொடுக்க முடியாது, ரொக்கமாகத்தான் கொடுக்க வேண்டும். எங்களிடம் அவ்வளவு ரொக்கம் இல்லை. அண்ணன் பாதி தருவதாகச் சொன்னார். விற்பவர் விலையைக் குறைக்க மறுத்தார். இரண்டு நாள் மனைவியும் நானும் கணக்குப் பார்த்தோம். ஆப்ஷன் காலாவதியாக விட்டோம், 1,000 வெள்ளி போனது.

இது அல்லாஹ்வின் பதில்தான் என்று நான் யாரிடமும் சத்தியம் செய்து சொல்ல மாட்டேன். தடை வந்தாலே தீமை என்று பொருளில்லை. நல்ல காரியங்களும் சிரமத்தோடு நடக்கின்றன. வழி எளிதாகத் திறந்தால் பின்னால் துன்பமே வராது என்ற உறுதியும் இந்த துஆவில் இல்லை. "இறுதி விளைவு" என்று அது சொல்வது எங்களுக்கு இன்றைக்குத் தெரியக்கூடியதன்று. என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: ஆலோசனை கேட்டோம், தொழுதோம், முயன்றோம், அது நடக்கவில்லை.

நான்கு மாதம் கழித்து அம்மா எங்களோடு ஜூரோங் வெஸ்ட்டுக்கே வந்துவிட்டார். பிடோக் சந்தைத் தோழிகளை இழந்த வருத்தம் அவருக்கு இன்னும் இருக்கிறது; காலை வேளைகளில் பேச்சுத்துணை இல்லாமல் சன்னலோரம் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது, துஆவின் கடைசி வரியான "ஸும்ம அர்ளினீ பிஹி"யை, அதில் எனக்குத் திருப்தியைத் தா என்பதை, மறுபடியும் ஓதிக்கொள்கிறேன்.

அடுத்த மாதம் மற்ற முழங்காலுக்கும் அறுவைச் சிகிச்சை வேண்டுமா என்று மருத்துவரிடம் முடிவு சொல்ல வேண்டும். "நீ எனக்காகத் தொழுப்பா" என்றார் அம்மா. துஆவைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, காரியத்தைக் குறிப்பிட வேண்டிய இரண்டு இடங்களிலும் சிவப்பு மையால் கோடிட்டுக் கொடுத்தேன். நேற்றிரவு நாற்காலியில் அமர்ந்து இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கோடிட்ட இடத்தில் விரலை வைத்து, "என் எடது முட்டிக்கு ஆப்பரேஷன் செய்யிறது" என்று அவரே சொன்னார்.