கணுக்கால் முறிவு: மாவுக்கட்டு பிரித்த பிறகு

மாவுக்கட்டைப் பிரிக்கும் நாளில் பிசியோதெரபிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி அதிர்ச்சியோடுதான் வருகிறார்கள். கெண்டைக்கால் சதை பாதியாகச் சூம்பியிருக்கும். தோல் செதில் செதிலாக உரியும். கணுக்கால் வீங்கி, பாதம் கீழ்நோக்கியே நிற்கும், மேலே மடங்காது. எலும்பு சேர்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகும் கால் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். எலும்பு சேர ஆறு வாரம் போதும். அந்த ஆறு வாரமும் அசையாமல் இருந்த மூட்டும் சதையும் பழைய நிலைக்குத் திரும்பத்தான் மாதக்கணக்கில் ஆகிறது.

இங்கே எடுத்துக்கொள்வது பலருக்கும் வரும் முறிவு. படி தவறிக் கால் மடங்கியதில் வெளிப்பக்கக் கணு எலும்பு உடைந்து, எலும்பு விலகாததால் ஆபரேஷன் இல்லாமல் மாவுக்கட்டு மட்டும் போட்டவர், எடை 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பிளேட், ஸ்குரூ வைத்தவர்களுக்கும், இரண்டு பக்கக் கணுவும் உடைந்தவர்களுக்கும் காலக்கணக்கு மாறும். எப்போது, எவ்வளவு ஊன்றலாம் என்பதை எக்ஸ்ரே பார்த்த டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

டாக்டர் "கொஞ்சம் கொஞ்சமாக ஊன்றுங்கள்" என்பார். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று தெரியாமல்தான் பலர் தடுமாறுகிறார்கள். பயந்தவர் விரல் நுனியைத் தரையில் வைத்து எடுக்கிறார், தைரியசாலி முதல் நாளே முழு பாரத்தையும் போடுகிறார். வீட்டில் எடை பார்க்கும் மெஷின் ஒன்று இருந்தால் இந்தக் குழப்பம் தீரும். மெஷினை வாக்கருக்குள் வையுங்கள். அதே உயரத்துக்குப் புத்தகங்களை அடுக்கி நல்ல காலை அதன் மேல் வைத்து, அடிபட்ட காலை மெஷின் மேல் முழுப் பாதமாக வையுங்கள். கைகளில் வாக்கரைப் பிடித்தபடி முள் 15 கிலோவைத் தொடும் வரை மெல்ல அழுத்துங்கள். அதுதான் கால் பங்கு எடை. பத்துப் பதினைந்து தடவை அழுத்தி எடுத்தால் உள்ளங்காலுக்கு அந்த அளவு பழகிவிடும், நடக்கும்போதும் அதே அழுத்தத்தைத் தர முடியும்.

கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு, முழு எடை என்று ஏறுவதுதான் வழக்கம். நம் 60 கிலோக்காரருக்கு அது 15, 30, 45, 60. ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழ ஒரு வாரம் நிற்கலாம். ஆனால் அடுத்த படிக்குப் போகலாமா என்பதைக் காலண்டர் முடிவு செய்யக்கூடாது, மறுநாள் காலையில் இருக்கும் கால்தான் முடிவு செய்ய வேண்டும். தையல்காரர் டேப்பை எடுத்து, இரு கணு எலும்புகளுக்கும் சற்று மேலே, தினமும் ஒரே இடத்தில் பேனாவால் குறி போட்டுச் சுற்றி அளந்து எழுதி வையுங்கள். காலையில் 24 செ.மீ., மாலையில் 25.5, மறுநாள் காலையில் மீண்டும் 24 என்றால் கால் அந்தப் பாரத்தைத் தாங்கிக்கொள்கிறது. மாலை வீக்கத்தைப் பார்த்து பயப்பட வேண்டாம். மறுநாள் காலையிலேயே 25 காட்டினாலோ, முந்தைய நாளின் வலி தூங்கி எழுந்தும் குறையாமல் இருந்தாலோ, இரண்டு நாள் ஒரு படி கீழே இறங்கிவிட வேண்டும்.

இந்த வீக்கம் நான்கைந்து மாதம் இருப்பது சாதாரணம், சிலருக்கு ஒரு வருடம்கூட மாலையில் தலைகாட்டும். காலில் தேங்கும் இரத்தத்தையும் நீரையும் மேலே தள்ளுவது கெண்டைக்கால் சதை. அது சூம்பிக் கிடக்கும்போது தள்ள ஆள் இல்லை. ஆகவே மாத்திரையைவிட சதையை வேலை செய்ய வைப்பதுதான் மருந்து. மணிக்கு ஒருமுறை பாதத்தை மேலும் கீழும் இருபது தடவை அசைக்க வேண்டும். காலைத் தூக்கி வைப்பது என்றால் ஸ்டூலில் நீட்டுவது போதாது, படுத்துக்கொண்டு நெஞ்சுக்கு மேலே பாதம் வரும்படி தலையணை அடுக்க வேண்டும். இறுக்கமான காலுறை போடுவதாக இருந்தால் வீக்கம் ஏறுவதற்கு முன்பே, காலையில் படுக்கையை விட்டு எழும்போதே போட வேண்டும். இரத்த ஓட்டம் குறைந்த கால் என்றால் டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது.

இறுக்கத்துக்கு எண்ணெய் போட்டு உருவிவிடச் சொல்லிப் பலர் ஆள் தேடுகிறார்கள். இழுத்து முறுக்குவதால் வீக்கம் கூடும், மூட்டு இன்னும் இறுகும். இழந்தது முக்கியமாக ஒரே அசைவு: குதிகால் தரையில் இருக்க, முழங்கால் விரல்களைத் தாண்டி முன்னால் போவது. படி இறங்கவும் குந்தவும் அதுதான் வேண்டும். ஊன்ற அனுமதி இல்லாத நாட்களில், நாற்காலியில் உட்கார்ந்து காலடியில் துணி போட்டு, குதிகால் தூக்காமல் பாதத்தைப் பின்னால் சறுக்கலாம். அரை எடை ஊன்ற அனுமதி வந்ததும் சுவரைப் பார்த்து நின்று, கைகளைச் சுவரில் ஊன்றி, குதிகால் எழும்பாமல் முழங்காலால் சுவரைத் தொடப் பாருங்கள். பெருவிரலுக்கும் சுவருக்கும் இடையே உள்ள தூரத்தை வாரம் ஒருமுறை அளந்தால் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். நல்ல காலில் 10 செ.மீ. வருகிறவருக்கு அடிபட்ட காலில் முதலில் 2 செ.மீ. கூட வராது.

இதைச் செய்யும்போது எங்கே பிடிக்கிறது என்று கவனிப்பது முக்கியம். பின்னால் குதிகால் தசைநாணிலும் கெண்டைக்காலிலும் இழுப்பு இருந்தால் சரியான இடம், முப்பது வினாடி தாங்கி விடலாம். கணுக்காலின் முன்பக்கம் கதவிடுக்கில் நசுங்குவது போல வலித்தால் அழுத்தக் கூடாது. அங்கே மூட்டே சிக்கிக்கொள்கிறது, பிசியோ கையால் மூட்டை நகர்த்திவிட்ட பிறகுதான் இந்தப் பயிற்சி பலன் தரும்.

முழு எடை வந்த பிறகு நடையில் ஒரு கோளாறு நுழையும். கணுக்கால் மடங்காததால் பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி வைத்து நடப்பார்கள். வலி தெரியாது, ஆனால் சில வாரத்தில் முழங்காலின் உட்பக்கம் வலிக்க ஆரம்பிக்கும். நீளமான அடி வைப்பதை விட்டு, இரண்டு காலிலும் சமமான சிறு அடியாக, குதிகால் முதலில் படும்படி நடந்தால் இது சரியாகும். ஒற்றை ஊன்றுகோலுக்கு மாறும்போது அதை நல்ல காலின் பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும், பலர் அடிபட்ட பக்கத்தில் பிடிக்கிறார்கள். நொண்டாமல் நடக்க வந்த பிறகே அதை விட வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். இந்திய முறைக் கழிப்பறையில் குந்துவது கடைசியாகத் திரும்பும் அசைவு, அதுவரை நடுவில் துளையுள்ள கமோடு நாற்காலியைப் போட்டுக்கொள்ளலாம்.

உடனே டாக்டரிடம் போக வேண்டிய நிலைகளும் உண்டு. வீக்கம் கணுக்காலைத் தாண்டிக் கெண்டைக்கால் முழுவதும் பரவி, சூடாகி, தொட்டால் வலித்தால் இரத்தம் உறைந்திருக்கலாம். அதோடு மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ அவசர சிகிச்சைக்கே போக வேண்டும். துணி பட்டாலே தீயாய் எரிந்து, பாதம் நிறம் மாறி வியர்த்தால் அது சாதாரண வீக்கம் அல்ல, சீக்கிரம் காட்டினால்தான் கட்டுக்குள் வரும்.

சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு மேலே சொன்ன வலிக் கணக்கு எதுவும் செல்லாது. அவர்களுக்கு எலும்பு நகர்ந்தாலும் வலிக்காது, வீக்கமும் சூடும் சிவப்பும் மட்டுமே தெரியும். ஊன்றாமல் இருக்க வேண்டிய காலத்தை டாக்டர்கள் அவர்களுக்கு இரண்டு மடங்காக்குவதும் உண்டு. அவர்கள் ஒவ்வொரு படிக்கும் எக்ஸ்ரே காட்டி, டாக்டரைக் கேட்டுத்தான் எடையைக் கூட்ட வேண்டும்.