3200 ஆம்பியர் பஸ்பார்: நான்காவது பட்டை எவ்வளவு சுமக்கிறது? (நாட்குறிப்பு)

3 பிப்ரவரி 2025, திங்கள்

50 ஹெர்ட்ஸில் ஸ்கின் எஃபெக்ட் பொருட்டல்ல என்ற பேச்சு பேனல் கடைகளில் அடிக்கடி கேட்கிறது. வீட்டு வயரிங்குக்கு அது சரி. பெரிய பஸ்பாருக்குச் சரியில்லை. மாற்று மின்சாரம் செம்புக்குள் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. 50 ஹெர்ட்ஸில், 20 பாகை செல்சியஸில், செம்புக்கு அது 9.35 மி.மீ. பட்டை 80 பாகைக்குச் சூடேறினால் 10.4 மி.மீ. அலுமினியத்துக்கு 20 பாகையில் சுமார் 12 மி.மீ.

10 மி.மீ. தடிமனுள்ள பட்டையில் இரண்டு பக்க முகத்திலிருந்தும் 5 மி.மீ. போனால் நடு வந்துவிடும். அதனால் தடிமன் வழியாகப் பெரிய இழப்பு இல்லை. ஆனால் 100 மி.மீ. உயரத்தில் மின்னோட்டம் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் கூடும், நடுவில் குறையும். அதைவிடப் பெரிய விஷயம், இப்படி நான்கு பட்டைகளை அருகருகே வைத்து ஒரே ஃபேஸாகக் கட்டும்போது தொடங்குகிறது. இந்தக் குறிப்புகள் முழுக்க அந்தக் கட்டைப் பற்றித்தான்.

எடுத்துக்கொண்ட அமைப்பு: ஒரு ஃபேஸுக்கு 100×10 செப்புப் பட்டை நான்கு, செங்குத்தாக நிறுத்தியவை, இடையிடையே 10 மி.மீ. இடைவெளி, மொத்தம் 3200 ஆம்பியர். பட்டையின் வெப்பம் 80 பாகை.

4 பிப்ரவரி, செவ்வாய்

நேர் மின்சாரக் கணக்கு எளிது. ஒரு பட்டைக்கு மீட்டருக்கு 21.3 மைக்ரோ ஓம். நான்கும் சமமாகப் பங்கிட்டால் 5.33. ஆளுக்கு 800 ஆம்பியர், ஃபேஸ் ஒன்றில் மீட்டருக்கு 54.5 வாட் வெப்பம்.

உண்மையில் சமமாகப் பங்கிடுவதில்லை. உள்ளே இருக்கும் இரண்டு பட்டைகளுக்கும் இருபுறமும் அண்டை உண்டு. மற்ற பட்டைகளின் காந்தப்புலம் அவற்றை அதிகமாகச் சூழ்கிறது. அதனால் அவற்றின் தூண்டல் மறிப்பு வெளிப் பட்டைகளைவிடக் கூடுதல். நான்குக்கும் இரு முனையிலும் ஒரே வோல்டேஜ்தான், ஆகவே மறிப்பு குறைந்த வெளிப்பக்கத்துக்கு மின்னோட்டம் ஒதுங்குகிறது. ஸ்கின் எஃபெக்ட் என்று தனிப் பட்டைக்குச் சொல்வதும் ப்ராக்ஸிமிட்டி எஃபெக்ட் என்று கட்டுக்குச் சொல்வதும் இதே இயக்கம்தான், அளவு மட்டும் வேறு.

ஒவ்வொரு பட்டையையும் ஒரு மின்தடையாகவும், ஒன்றுக்கொன்று பிணைந்த தூண்டலாகவும் வைத்துச் சமன்பாட்டைத் தீர்த்தால் பங்கு கிடைத்துவிடும். அண்டை ஃபேஸ்கள் வெகு தொலைவில் இருப்பதாக இப்போதைக்கு வைத்துக்கொள்ளலாம்.

```python
import numpy as np
h, t, f = 0.100, 0.010, 50
R = 2.13e-8/(h*t)
x = np.array([0, 20, 40, 60])/1000
def lnD(d):
    if d == 0: return np.log(0.2235*(h+t))
    k = d/h
    return (k*k*np.log(d) + (1-k*k)*np.log(h*h+d*d)/2
            + 2*k*np.arctan(h/d) - 1.5)
L = np.array([[-2e-7*lnD(abs(p-q)) for q in x] for p in x])
Z = R*np.eye(len(x)) + 2j*np.pi*f*L
I = np.linalg.solve(Z, np.ones(len(x)))
I = I/I.sum()
print(abs(I), (abs(I)**2).sum()*len(x))
```

`x` என்ற வரிசையில் பட்டைகளின் மைய இடங்கள், மி.மீ.-இல். கடைசியாக அச்சாகும் எண், நேர் மின்சார மின்தடையைப்போல் எத்தனை மடங்கு என்பது.

விடை: வெளிப் பட்டை ஒவ்வொன்றும் மொத்தத்தில் 37.5 சதவீதம், உள் பட்டை ஒவ்வொன்றும் 16.1 சதவீதம். 3200 ஆம்பியரில் வெளியே 1200, உள்ளே 515. மடங்கு 1.33. மின்தடை 5.33-லிருந்து 7.1 மைக்ரோ ஓமுக்கு ஏறிவிடுகிறது, வெப்பம் 54.5 வாட்டிலிருந்து 73 வாட்.

ஒவ்வொரு பட்டைக்குள்ளும் விளிம்பில் நெருக்கும் இழப்பு இந்தக் கணக்கில் சேரவில்லை. ஆகவே 1.33 என்பது கீழ் வரம்பு. நிஜத்தில் அதற்கு மேல்தான்.

6 பிப்ரவரி, வியாழன்

நேற்று முன்தினக் கணக்கில் கண்ணுக்குப் பட்டிருக்க வேண்டிய ஒன்று: 1200, 1200, 515, 515. கூட்டினால் 3430. மொத்தமோ 3200. பிழை இல்லை. வெளிப் பட்டையின் மின்னோட்டம் உள் பட்டையதைவிட 46 பாகை முன்னே ஓடுகிறது. ஒரே ஃபேஸின் பட்டைகளே ஒரே தாளத்தில் இல்லை. அந்த வேறுபாட்டால் வரும் கூடுதல் 230 ஆம்பியர் பயனுக்கு உதவாது, செம்பைச் சூடாக்கும்.

களத்தில் ஒவ்வொரு பட்டையாக அளந்து கூட்டுபவர்களைக் குழப்பும் இடம் இது. கூட்டுத்தொகை மொத்தத்தைவிடக் கூடியிருந்தால் உடனே மீட்டரைக் குறை சொல்ல வேண்டாம்.

வெப்பம் ஏறினால் மடங்கு குறையும் என்பதையும் பார்க்க வேண்டும். 20 பாகையில் அதே கட்டுக்கு 1.38, 80 பாகையில் 1.33. செம்பின் தடை 23.6 சதவீதம் ஏறும்போது கட்டின் மாற்று மின்சாரத் தடை 19 சதவீதம்தான் ஏறுகிறது. குளிர்ந்த நிலையின் மடங்கைச் சூடான தடையோடு பெருக்குவது கணக்கைத் தேவைக்கு மேல் உயர்த்தும்.

10 பிப்ரவரி, திங்கள்

மூன்று பட்டை போதவில்லை, ஒன்று கூட்டிவிடலாம் என்பது வழக்கமான தீர்வு. அது எவ்வளவு வாங்கித் தருகிறது?

அதே 10 மி.மீ. இடைவெளியில் மூன்று பட்டை என்றால் வெளியே தலா 39.8, நடுவில் 25.7 சதவீதம். மடங்கு 1.15, மின்தடை 8.16 மைக்ரோ ஓம், வெப்பம் சுமார் 84 வாட். நான்காவதைச் சேர்த்ததும் 73. செம்பு மூன்றில் ஒரு பங்கு கூடியது. வெப்பம் 25 சதவீதம் குறையும் என்று எதிர்பார்த்த இடத்தில் 13 சதவீதம்தான் குறைந்தது. வாங்கிய செம்பில் பாதி வேலை செய்யவில்லை.

இனி அதே நான்கு பட்டையை இரண்டிரண்டாகப் பிரித்து, நடுவே 50 மி.மீ. இடைவெளி விட்டால்? நிரலில் வரிசையை 0, 20, 80, 100 என்று மாற்றினால் போதும். வெளியே 33.1, உள்ளே 18.5 சதவீதம். மடங்கு 1.15. மின்தடை 6.12, வெப்பம் 63 வாட். ஒரு கிராம் செம்புகூடக் கூட்டாமல், ஃபேஸ் ஒன்றில் மீட்டருக்கு 10 வாட் மிச்சம். 6 மீட்டர் நீள போர்டில், மூன்று ஃபேஸுக்கும் சேர்த்து 180 வாட். அதோடு நடு இடைவெளியில் காற்றும் ஏறும், உள் முகங்களும் குளிரும்.

விலை இடத்தில்: கட்டின் அகலம் 70-லிருந்து 110 மி.மீ. ஆகும். சப்போர்ட் இன்சுலேட்டரின் பள்ளம் வேறு அளவில் வேண்டும், பிரேக்கர் முனைக்கு இறங்கும் இணைப்பும் மாறும். அந்த 40 மி.மீட்டருக்காக வாதாடலாம் என்பதே என் கருத்து. ஆனால் ஒன்றை விட்டுவிடக் கூடாது: கட்டு அகலமாகும்போது அடுத்த ஃபேஸ் நெருங்கி வந்துவிடும்.

13 பிப்ரவரி, வியாழன்

அடுத்த ஃபேஸ். மையத்திலிருந்து மையத்துக்கு 200 மி.மீ. என்று வைப்போம். பழைய 70 மி.மீ. கட்டில் அண்டை ஃபேஸுக்குக் கிட்டத்து வெளிப் பட்டை 170 மி.மீ. தள்ளி, தூரத்து வெளிப் பட்டை 230 மி.மீ. தள்ளி. இந்த இரண்டுக்கும் நடுவே அண்டையின் 3200 ஆம்பியர் தூண்டும் வோல்டேஜ் மீட்டருக்கு சுமார் 60 மில்லி வோல்ட். சிறியதாகத் தெரியும். ஆனால் 800 ஆம்பியர் ஓடும் ஒரு பட்டையின் மின்தடை வீழ்ச்சியே மீட்டருக்கு 17 மில்லி வோல்ட்தான். வெளிப் பட்டைகள் இரண்டை மட்டும் ஒரு வளையமாக எடுத்தால் அதன் மறிப்பு மீட்டருக்கு 139 மைக்ரோ ஓம். உத்தேசமாக 430 ஆம்பியர் அந்தக் கட்டுக்குள்ளேயே சுற்றும். உள் பட்டைகளையும் சேர்த்தால் எண் கொஞ்சம் மாறும், அளவின் வரிசை மாறாது.

நடு ஃபேஸுக்கு இருபுறமும் அண்டை. இரண்டின் மின்னோட்டமும் எதிர்ப் பக்கங்களிலிருந்து தூண்டுவதால் இங்கே விளைவு ஒன்றரை மடங்குக்கு மேல். நடு ஃபேஸின் எந்த வெளிப் பட்டை அதிகம் சூடாகும் என்பது ஃபேஸ் வரிசையைப் பொறுத்தது. சப்ளையில் ஓர ஃபேஸ்கள் இரண்டையும் இடம் மாற்றிக் கொடுத்தால், சூடான பட்டை மறுபக்கத்துக்கு மாறிவிடும். வேறு எதையும் தொடாமல் இது மாறினால், ஜாயின்ட்டைச் சந்தேகிக்கத் தேவையில்லை.

ஃபேஸ்களின் பட்டைகளை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கலந்து அடுக்கினால் புலங்கள் ஒன்றையொன்று அடித்துவிடும். பஸ் டக்ட்டில் அது செல்லும். இறக்குமுனை பல உள்ள போர்டில் ஒவ்வொரு டேப்புக்கும் மற்ற ஃபேஸ்களைக் கடக்க வேண்டியிருக்கும். அங்கே அது பெரும்பாடு.

17 பிப்ரவரி, திங்கள்

சரிபார்ப்பது எப்படி.

100 ஆம்பியர் நேர் மின்சாரம் செலுத்தும் மைக்ரோ ஓம் மீட்டர் இதைக் காட்டாது. குளிர்ந்த கட்டில் அது மீட்டருக்கு 4.3 மைக்ரோ ஓம் என்று சொல்லும், அதுவும் சரியான எண்தான். ஜாயின்ட் நன்றாக இருக்கிறது என்பதற்கு மட்டும் சாட்சி.

மூன்று ஃபேஸிலும் லோடு ஓடும்போது வோல்டேஜ் வீழ்ச்சியை அளந்து தடை கண்டுபிடிக்கவும் முடியாது. ஒரே வரிசையில் அடுக்கிய மூன்று ஃபேஸில், ஓர ஃபேஸ் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தூண்டல் வழியாகச் சக்தி கடக்கிறது. ஒன்றில் தடை மிகையாகத் தெரியும், மற்றொன்றில் எதிர்மறை எண்கூட வரலாம்.

பட்டை பட்டையாக மின்னோட்டத்தை அளப்பதே வழி. கிளாம்ப் மீட்டரின் தாடை 10 மி.மீ. இடைவெளியில் நுழையாது. மெல்லிய ரோகோவ்ஸ்கி காயில் நுழையும். சப்ளையை நிறுத்தி, எர்த் செய்து, மாட்ட வேண்டும். காயிலின் பூட்டு முனை அண்டைப் பட்டையை ஒட்டி இருந்தால் வாசிப்பு பிசகும், அதைக் கட்டின் மேல் பக்கம் திருப்பி வையுங்கள்.

அளந்த பங்கு கணக்கைவிடச் சமமாக வந்தால் அதற்கும் காரணம் உண்டு. கணக்கு நீண்ட கட்டுக்கு. 1 மீட்டர் துண்டில் ஒவ்வொரு பட்டைக்கும் இரு முனையிலும் 5 மைக்ரோ ஓம் ஜாயின்ட் தடை இருந்தால், அந்தத் தடையே பங்கைச் சமப்படுத்தி வெளிப் பட்டையை 37.5-லிருந்து 34 சதவீதத்துக்கு இறக்கிவிடும்.

வெப்பக் கேமராவில் பளபளக்கும் செம்பு குளிர்ந்ததாகவே தெரியும். அளக்கும் இடத்தில் கறுப்பு டேப் ஒட்டினால்தான் எண்ணை நம்பலாம். கேமராவுக்குத் தெரிவது வெளிப் பட்டையின் முகம் மட்டுமே. வெளிப் பட்டை தன் முழு நீளத்துக்கும் ஒரே சீராகச் சூடாக இருந்தால் அது பங்கீட்டின் வேலை. போல்ட்டருகே உச்சத்தில் இருந்து, பட்டை வழியே போகப்போகக் குறைந்தால் ஜாயின்ட். இரண்டும் சேர்ந்தும் வரும்: வெளிப் பட்டையின் ஜாயின்ட் கெட்டால் அதன் மின்னோட்டம் மற்ற பட்டைகளுக்கு நகரும், ஜாயின்ட் சூடாகவும், அதே பட்டையின் நடுப்பகுதி எதிர் ஓரத்துப் பட்டையைவிடக் குளிர்ந்தும் இருக்கும்.