கபிலனின் வலது காது

ஜனவரி 9, 2024, செவ்வாய்

இரவு இரண்டு மணிக்குக் கபிலன் வலது காதைப் பிடித்துக்கொண்டு அழுதான். நான்கு நாளாகச் சளி, காய்ச்சல் 100.6. அத்தை பூண்டு தட்டிப்போட்டு நல்லெண்ணெய் காய்ச்சிவிட்டார். நான்தான் ஊற்ற விடவில்லை. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் நடுக்காதுக்கே இறங்கிவிடும்.

காலையில் சத்துவாச்சாரியில் குழந்தை மருத்துவரிடம் காட்டினோம். நடுக்காதில் தொற்றாம், வலது செவிப்பறை சிவந்து லேசாகப் புடைத்திருக்கிறதாம். இடது காதில் ஒன்றுமில்லை. ஆனாலும் ஆண்டிபயாடிக் எழுதவில்லை. இவனுக்கு இரண்டரை வயது, ஒரு காதுதான், காய்ச்சல் 102-க்குக் கீழே, வலியும் மருந்துக்குக் கட்டுப்படுகிறது. இப்படிப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தானாகவே சரியாகிவிடும் என்றார். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையாக இருந்தாலோ, இரண்டு வயதுக்குள் இரண்டு காதிலும் வந்திருந்தாலோ இன்றே தொடங்கியிருப்பாராம்.

எடை 12 கிலோ. பாராசிட்டமால் 250 சிரப் மூன்றரை மில்லி, ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை. 48 மணி நேரத்தில் குறையாவிட்டாலோ, இடையில் மோசமானாலோ உடனே வர வேண்டும்.

ஜனவரி 10, புதன்

பகலில் விளையாடினான். காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பை மணிக்கொரு முறை தடவிப் பார்க்கிறேன். அங்கே வீங்கிச் சிவந்து, காது மடல் முன்னே தள்ளிக்கொண்டு நின்றால் தொற்று எலும்புக்குப் பரவிவிட்டது என்று பொருள். அப்போது சிரப் போதாது, மருத்துவமனைதான்.

ஜனவரி 11, வியாழன்

நள்ளிரவில் 102.6. வீறிட்டு அழுதவன் நான்கு மணிக்குச் சட்டென்று அமைதியாகித் தூங்கிவிட்டான். குணமாகிவிட்டது என்று நிம்மதியடைந்தேன். விடிந்ததும் பார்த்தால் தலையணை உறையில் மஞ்சளாக ஒரு கறை. காதோர முடி பிசுபிசுத்து ஒட்டியிருந்தது. செவிப்பறை கிழிந்து சீழ் வெளியேறியதால், உள்ளே அழுத்தம் இறங்கி வலி நின்றிருக்கிறது.

இனிக் காத்திருக்கக் கூடாது என்றார் மருத்துவர். அமாக்சிசிலின் 250 சிரப், பத்து மில்லி வீதம் காலையும் இரவும், பத்து நாள். சாதாரணத் தொண்டை வலிக்குக் கொடுப்பதைவிட அளவு கூடுதல். நடுக்காதுக்குள் மருந்து போதுமான அளவு சேர இவ்வளவு வேண்டுமாம். முதல் நாளே கொடுத்திருக்கலாமோ என்று கேட்டேன். அன்றைக்கு இருந்த நிலைக்குக் காத்திருந்தது சரிதான், சொன்னபடி கவனித்து வந்துவிட்டீர்களே என்றார். எனக்கும் இப்போது அப்படித்தான் தோன்றுகிறது.

ஜனவரி 13, சனி

காய்ச்சல் இல்லை. சீழ் குறைந்துவிட்டது. இன்றும் காய்ச்சல் இருந்திருந்தால் மருந்தை மாற்றியிருப்பார். குளிக்கும்போது காதில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்கிறேன்.

ஜனவரி 25, வியாழன்

மருந்து முடிந்து நான்கு நாளாகிறது. ஓட்டை மூடிவிட்டது. ஆனால் செவிப்பறைக்குப் பின்னால் இன்னும் நீர் நிற்கிறதாம். அது தொற்று அல்ல, அதற்கு ஆண்டிபயாடிக்கும் வேண்டாம். மூன்று மாதம் வரை மெல்ல வடியும். அதற்கு மேலும் நின்றால் கேட்கும் திறனைச் சோதிக்க வேண்டும்.

மாலையில் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று மெதுவாகக் கூப்பிட்டேன். இரண்டாவது முறைதான் திரும்பினான். காலண்டரில் ஏப்ரலை மடித்து வைத்திருக்கிறேன்.