கணக்கு அக்காவும் ஓடுகிற ஐபியும்

எங்கள் அலுவலகக் கணக்கு சர்வரின் ஃபயர்வாலில் ஒரு அனுமதிப் பட்டியல் உண்டு. அதில் இருக்கும் ஐபியிலிருந்து வந்தால் மட்டுமே உள்ளே விடும். கிளை அலுவலகத்துக்கு நிலையான ஐபி இருந்ததால் யாருக்கும் தொல்லை இல்லை. அப்புறம் கணக்கு அக்கா ஒரு கல்யாணத்துக்காகத் தென்காசி போனார், லேப்டாப்பும் செல்போன் ஹாட்ஸ்பாட்டுமாக.

"தம்பி, போன் செட்டிங்ஸ்ல பாத்துட்டேன். 100.72.14.9. சேர்த்து விடு."

அது சர்வர் கண்ணுக்குத் தெரியவே தெரியாத முகவரி. செல்போன் நிறுவனங்கள் ஏகப்பட்ட பேரை ஒரே பொது ஐபிக்குப் பின்னால் உட்கார வைக்கின்றன. உள்ளுக்குள் அவரவருக்குக் கொடுப்பதற்கென்றே 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகளை 2012இல் ஒதுக்கினார்கள். அவை அந்த வலையமைப்பைத் தாண்டி வெளியே வராது. அக்காவை ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லிவிட்டு, ஃபயர்வால் பதிவில் `SRC=` என்ற இடத்தில் வந்து விழுந்ததைச் சேர்த்தேன்:

```
ufw allow from 198.51.100.23 to any port 443 proto tcp
```

வேலை செய்தது, மத்தியானச் சாப்பாடு வரைக்கும்.

"சுத்திக்கிட்டே இருக்கு தம்பி. பாஸ்வேர்டு மாறிடுச்சோ?"

பாஸ்வேர்டு தப்பென்றால் பக்கம் வந்து திட்டும். பக்கமே வராமல் நெடுநேரம் சுற்றினால், ஃபயர்வால் சத்தம் போடாமல் பாக்கெட்டைக் கீழே போடுகிறது என்று சந்தேகப்படலாம். பதிவைப் பார்த்தால் வேறு ஐபி. அதையும் சேர்த்தேன். சாயங்காலம் இன்னொன்று. கடைசியில்தான் விஷயம் வெளியே வந்தது. நெட் மெதுவானால் ஃபிளைட் மோடு போட்டு எடுக்கும்படி மாப்பிள்ளை வீட்டில் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார். டவர் மாறினால்கூட ஐபி பெரும்பாலும் அப்படியே இருக்கும். இணைப்பை அறுத்து மறுபடி போட்டால் புதிது கிடைத்துவிடும். அக்கா ஆசையாகப் போட்டுப் போட்டு எடுத்திருக்கிறார்.

முதலாளி யோசனை சொன்னார்: "முதல் ரெண்டு எண் ஒண்ணாத்தானே இருக்கு? மொத்தமா விட்டுடேன்."

"அண்ணே, அது 65,536 முகவரி. ஒவ்வொண்ணுக்குப் பின்னாடியும் ஒரு கூட்டம் இருக்கும்."

ஏற்கெனவே சேர்த்த பழைய ஐபிகளே வயிற்றைக் கலக்கின. அக்கா விட்டுப்போன முகவரியில் இப்போது யார் இருக்கிறாரோ, அவருக்கும் அனுமதி உண்டு.

அன்றிரவே வயர்கார்டு என்ற விபிஎன் போட்டேன். லேப்டாப்புக்கும் சர்வருக்கும் நடுவே பூட்டிய சுரங்கம் மாதிரி ஒரு தனிவழி போட்டுத் தரும். அதற்கு ஐபி யாருடையது என்ற கவலை இல்லை, சாவிதான் கணக்கு. 51820 யுடிபி போர்ட்டை எல்லோருக்கும் திறந்து வைத்தாலும், சரியான சாவி இல்லாதவருக்கு அது பதிலே சொல்லாது. சுரங்கத்துக்குள் அக்காவின் லேப்டாப்புக்கு 10.8.0.5 என்று மாறாத ஒரு முகவரி. பட்டியலில் அதைச் சேர்த்துவிட்டு, பழையதையெல்லாம் அழித்தேன். வெளி ஐபி மாறினால், புது இடத்திலிருந்து சரியான சாவியோடு முதல் பாக்கெட் வந்ததுமே சர்வர் பதிலை அங்கே திருப்பிவிடும். அக்கா ரயிலில், இணைப்பு அறுந்து அறுந்து வர, திரும்பி வரும்போது `wg show` போட்டுப் பார்த்தேன். வெளி முகவரியைக் காட்டும் `endpoint` மாறிக்கொண்டே இருந்தது, கணக்கு வேலை நிற்கவில்லை.

"இதையே பையன் லேப்டாப்லயும் போட்டுக்கட்டுமா?" என்றார் அக்கா.

"கூடாதுக்கா. ஒரே சாவி ரெண்டு இடத்துல ஓடினா, கடைசியா பேசினவங்களுக்குத்தான் பதில் போகும். நீங்க பில் போடும்போது அவன் உள்ள வந்தான்னா உங்க பக்கம் மறுபடியும் சுத்தும்."