‘பாதி நாள்’ என்றால் எவ்வளவு நேரம்?

சிங்கப்பூரில் கட்டுமான வேலை செய்யும் தமிழ்நாட்டு ஊழியர்களுக்காக, ஜி.ஏ.டி-7 என்ற மனப்பதற்றக் கேள்வித்தாளைத் தமிழில் கொண்டுவரும் பணியில் நான் இருந்தேன். 2006-இல் வெளிவந்த அந்த அளவுகோலில் ஏழே கேள்விகள்தான். கடந்த இரண்டு வாரங்களில் ஒவ்வொரு தொல்லையும் எத்தனை நாள் இருந்தது என்பதற்கு 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 21. இருவர் தனித்தனியே மொழிபெயர்த்ததை ஒன்றாக்கினோம். மூலத்தைப் பார்த்திராத இன்னொருவர் அதை மறுபடி ஆங்கிலமாக்கினார். வந்தது மூலத்தோடு ஏறக்குறைய அப்படியே பொருந்தியது. வேலையின் கடினமான பகுதி முடிந்துவிட்டதென்று அன்று நினைத்தேன்.

அடுத்த கட்டம், ஒவ்வொருவரிடமும் கேள்வியை வாசித்துக் காட்டி, “உங்களுக்கு என்ன புரிந்தது, எதை நினைத்து இந்த விடையைச் சொன்னீர்கள்?” என்று விசாரிப்பது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தங்கும் விடுதியில், சாரம் கட்டும் வேலை செய்யும் ஒருவருடன் அமர்ந்திருந்தேன். கவலையை நிறுத்த முடியாமை பற்றிய கேள்விக்கு, மூன்றாம் விடையான ‘பாதி நாட்களுக்கு மேல்’ என்பதைத் தயங்காமல் தேர்ந்தெடுத்தார். காரணம் கேட்டேன். “மத்தியானத்துக்கு மேலதான் சார் வரும். காலைல வேலை மும்முரத்துல ஒண்ணும் தெரியாது” என்றார். அவர் காதில் அது ‘பாதி நாளுக்கு மேல்’ என்றே விழுந்திருக்கிறது. எத்தனை நாள் அப்படி இருந்தது என்று கேட்டபோது விரல் விட்டு எண்ணி, போன வாரம் ஒன்று, அதற்கு முந்தைய வாரம் இரண்டு என்றார். மூன்று நாள் என்றால் ‘சில நாட்கள்’, மதிப்பெண் 1. அவர் கொடுத்ததோ 2. ஒருவர் ஏழு கேள்விகளுக்கும் இப்படியே விடை சொன்னால் 7 வரவேண்டிய இடத்தில் 14 வரும். மேல் பரிசோதனைக்கு அனுப்பும் எல்லையோ 10. எழுத்தில் சரியாக இருந்த தொடர், வாசித்துக் கேட்கும் மனிதரிடம் வேறு பொருளாகிவிட்டது. மறுமொழிபெயர்ப்பு இதைக் காட்டியிருக்கவே முடியாது, ஏனென்றால் அதைச் செய்தவர் கண்ணால் படித்தார். விடையை ‘இந்த 14 நாளில் 7 நாளுக்கு மேல்’ என்று மாற்றி, நாட்காட்டியைக் கையில் கொடுத்தோம். ஞாயிற்றுக்கிழமைகளைத் தொட்டுக்கொண்டு அவர்கள் எண்ணுவது எளிதாயிற்று.

முதல் கேள்வியிலும் இதே போன்ற சிக்கல். ‘பதற்றம்’ என்றதும் சிலருக்கு ஊரில் கலவரம் நடந்த செய்திதான் நினைவுக்கு வந்தது. ‘டென்ஷன்’ என்று போடலாமே என்று குழுவில் ஒருவர் சொன்னார். ஆனால் அவர்கள் பேச்சில் டென்ஷன் ஆவது பெரும்பாலும் கோபப்படுவது. அப்படி வைத்தால் எரிச்சலைப் பற்றிய ஆறாம் கேள்வியையே இரண்டு முறை கேட்டதாகிவிடும். வெறும் ‘படபடப்பு’ நெஞ்சு நோயைக் குறிக்கும் என்று மருத்துவர் தயங்கினார். ‘மனசு படபடப்பாக இருந்தது’ என்பதில் வந்து நின்றோம்.

ஏழாவது கேள்விக்கு இன்றுவரை எனக்கு முழுத் திருப்தி இல்லை. ஏதோ விபரீதம் நடந்துவிடும் என்ற பயம் இருந்ததா என்று கேட்டதற்கு அதே சாரத் தொழிலாளி, “மேல ஏறுறவனுக்குப் பயம் இருக்கணும் சார், இல்லாதவன்தான் விழுவான்” என்றார். அது நோயல்ல, தொழிலறிவு. ‘காரணமில்லாமல்’ என்ற சொல்லைச் சேர்க்க எனக்கு ஆசைதான். ஆனால் மூலத்தில் அது இல்லை. சேர்த்தால் கேள்வியே வேறாகிவிடும். அதனால் கேள்வியைத் தொடாமல், இந்த ஒன்றில் மட்டும் 3 பெற்றவரிடம், வேலை முடிந்து படுத்த பிறகும் அந்தப் பயம் இருக்கிறதா என்று பிறகு தனியாகக் கேட்பதென முடிவு செய்தோம்.

பழைய வடிவத்தை அப்படியே பலரிடம் கொடுத்திருந்தால், கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு இயைகின்றன என்று காட்டும் ஆல்ஃபா எண் நன்றாகவே வந்திருக்கும் என்பதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. ஒரு பகுதியினர் எல்லாக் கேள்விகளிலும் ஒரே மாதிரித் தவறாகப் புரிந்துகொண்டால் அந்த எண் உயரவே செய்யும். ஆகவே அதை மட்டும் வைத்து, அளவுகோல் அளக்க வேண்டியதையே அளக்கிறது என்று சொல்ல நான் ஒப்பவில்லை. மதிப்பெண்ணை அறியாத மனநல மருத்துவர் ஒருவர் தமிழிலேயே நேர்காணல் செய்து, இரண்டையும் ஒப்பிட்டாக வேண்டும். 10 என்ற எல்லையும் அமெரிக்காவின் முதனிலை மருத்துவ நிலையங்களுக்கு வந்த நோயாளிகளிடம் கண்டது. அங்கே அது பொதுமைப்பட்ட பதற்ற நோய் உள்ளவர்களில் 89 விழுக்காட்டினரைப் பிடித்தது. இங்கும் அதே எண் பொருந்தும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது.

அந்த ஒப்பீட்டில் மதிப்பெண் கூடியவர்களை மட்டும் மருத்துவரிடம் அனுப்புவது செலவைக் குறைக்கும். ஆனால் அளவுகோல் தவறவிட்டவர்கள் யார் என்பது தெரியாமலே போகும். மேற்பார்வையாளர் அருகில் நின்ற ஒரு கூடத்தில், படிவங்கள் வரிசையாக ஏழு பூஜ்யங்களுடன் திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். வேலை பெர்மிட் போய்விடும் என்ற அச்சம் அந்தப் பூஜ்யங்களில் இருந்தது. அவர்களில் ஒருவர் மறு ஞாயிறு தனி அறையில், பெயர் எழுதாத தாளில், 12 மதிப்பெண்ணுக்கு விடை சொன்னார். அதன் பிறகுதான், பூஜ்யம் வந்தவர்களிலும் ஒரு பகுதியினரைக் குலுக்கல் முறையில் மருத்துவரின் பட்டியலில் சேர்த்தோம்.