கல்லடிப் பாலம் வீடியோ: கமரா தூக்காமல் போட்ட ஸ்டோரிபோர்ட்

மட்டக்களப்பு வாவியின் மேல் உள்ள கல்லடிப் பழைய பாலம் திறந்தது 1924இல். அதன் நூற்றாண்டுக்கு எங்கள் வாசகர் வட்டம் இரண்டு நிமிட வீடியோ ஒன்று கேட்டது. புதிதாக ஒரு ஷாட்டும் எடுக்கவில்லை. 2013இல் புதுப் பாலம் திறக்கும்வரை அந்த ஒற்றை வழிப் பாலத்தில் பஸ் போன காட்சிதான் எங்களுக்கு வேண்டும். அதை இனி எடுக்க ஏலாது. ஊராரின் பழைய போன்களில்தான் தேட வேண்டும்.

வழக்கமாகக் கதை எழுதிவிட்டு ஷாட் லிஸ்ட் போடுவோம். கையில் இருப்பதை வைத்துச் செய்யும்போது கிளிப் பட்டியல்தான் முதலில். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: கோப்பின் பெயர், எந்த விநாடி முதல் எதுவரை பாவிக்கலாம், அளவு, கிடையா நெட்டையா, கண்ணுக்கு என்ன தெரிகிறது. ‘பாலம்’ என்று எழுதினால் பிறகு உதவாது. ‘பஸ், இடமிருந்து வலம், 4 விநாடி, கடைசியில் கை நடுக்கம்’ என்று எழுத வேண்டும். நீளமான கிளிப்பிலும் தேறுவது பெரும்பாலும் அவ்வளவுதான்.

பிறகு வர்ணனையைப் போனில் வாசித்துப் பதிந்து, ஒவ்வொரு வசனத்துக்கும் ஸ்டோரிபோர்டில் ஒரு கட்டம் வைத்தேன். படம் கீறவில்லை, கிளிப்பிலிருந்தே ஒரு ஃபிரேமை எடுத்து ஒட்டினேன். வெறுமையாக நின்ற கட்டங்கள்தான் இணையத்தில் ஸ்டொக் வீடியோ தேடும் பட்டியல்.

கஷ்டம் தந்தது பஸ் கட்டம். ‘ஒரு பக்கம் பஸ் ஏறினால் மறுபக்கம் எல்லாரும் காத்து நிற்க வேண்டும்’ என்ற வசனம் 6 விநாடி. கிளிப் 4 விநாடி, அதுவும் 320x240. முழுத்திரைக்கு இழுத்தால், 1080 உயரத்துக்கு நாலரை மடங்கு, சதுரம் சதுரமாக உடைந்துபோகும். ஆகவே கரும் பின்னணியின் நடுவில் சின்னதாக வைத்தேன். பழைய படம் என்பதும் தானே விளங்கியது. வேகத்தைக் குறைத்து நீட்டினால் பஸ் விட்டு விட்டு நகரும். அதனால் வசனத்தைச் சுருக்கினேன்: ‘ஒரு பஸ் ஏறினால் எதிர்ப்பக்கம் காத்திருக்கும்.’

பெக்ஸல்ஸ் என்ற ஸ்டொக் தளத்தில் வாவி, தோணி என்று ஆங்கிலத்தில் தேடினால் கேரளத்துப் படகுவீடுகள் வரும். ஒன்றைப் போட்டுக் காட்டியதும் நண்பர் சிரித்தார்: “இது நம்மட வாவி இல்லையே மச்சான்!” ஆகவே, இடத்தைக் காட்டும் ஷாட் எல்லாம் எங்கள் கிளிப், தண்ணீர், வானம், வலை இழுக்கும் கை மட்டும் ஸ்டொக். தோணி வலமிருந்து இடம் போனால் பஸ்ஸுக்கு எதிராகத் தெரியும். எழுத்து எதுவும் தெரியாத ஷாட் என்றால் கண்ணாடிபோலத் திருப்பிவிடலாம். பெயர்ப்பலகையோ பஸ் இலக்கமோ இருந்தால் ஏலாது. வேறு ஷாட்தான் பார்க்க வேண்டும்.

பட்டியலின் கடைசிப் பத்தி உரிமைக்கு: யாருடைய கிளிப், அனுமதி வாங்கியாச்சா, பெயர் போட வேண்டுமா. விக்கிமீடியா கொமன்ஸில் CC BY-SA என்று இருந்த பாலப் படத்துக்குப் பெயரும் உரிமக் குறிப்பும் கட்டாயம். முடிவில் ஓடும் நன்றி வரிகளை அந்தப் பத்தியிலிருந்தே அப்படியே இறக்கினேன்.