எண் சரி, வாக்குறுதி பிழை

எங்கள் அலுவலகத்திலிருந்து கமக்காரர் அமைப்புகளுக்குச் செல்லும் கடிதங்களைக் கள உத்தியோகத்தர்கள் முதலில் தங்கள் நடையில் எழுதுவார்கள். அண்மைக்காலமாக அவற்றைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியொன்றில் இட்டு, நடையைச் செம்மைப்படுத்திய பின்னரே என்னிடம் தருகிறார்கள். எழுத்துப்பிழைகள் குறைந்துவிட்டன என்பதில் ஐயமில்லை. ஆனால், வாசிக்க இதமாக இருக்கும் கடிதத்தையே இப்போது கூடுதல் நேரம் எடுத்துப் பார்க்கிறேன்.

வலிகாமம் பக்கத்து அமைப்பொன்றின் பொதுக் கிணறு தொடர்பான கடிதத்தை எடுத்துக்கொள்வோம். மூலத்தில், “கொடையாளரின் அனுமதி கிடைத்தால், கிணற்றைத் திருத்துவதற்கு உச்சமாக ரூபா 350,000 வரை வழங்குவது பற்றிப் பரிசீலிக்கலாம். மதிப்பீட்டை 09.08.2024 இற்கு முன்னர் தர வேண்டும். முடிந்தளவு மாரிக்கு முன்னர் வேலையைத் தொடங்க முயற்சிப்போம்” என்று இருந்தது. செம்மைப்படுத்திய வடிவம் இப்படி வந்தது: “கொடையாளரின் அனுமதியுடன், கிணற்றின் புனரமைப்புக்கு ரூபா 350,000 வழங்கவுள்ளோம் என்பதை மகிழ்ச்சியுடன் அறியத்தருகிறோம். மதிப்பீட்டை 2024 செப்டெம்பர் 8 இற்கு முன்னர் தந்துதவுமாறு அன்புடன் வேண்டுகிறோம். மாரிக்கு முன்னர் பணிகள் நிறைவுசெய்யப்படும்.”

திகதிப் பிழை எளிதில் அகப்படும் வகையைச் சேர்ந்தது. இங்கே நாங்கள் நாளை முதலிலும் மாதத்தை அடுத்ததாகவும் எழுதுவதால், அது ஓகஸ்ட் 9. செயலியோ அமெரிக்க முறைப்படி மாதத்தை முன்வைத்து வாசித்துவிட்டது. அன்றிலிருந்து மூல வரைவிலேயே மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதும்படி சொல்லிவிட்டேன். நாள் 12ஐத் தாண்டினால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் எழுவதில்லை; ஆதலால் சில கடிதங்கள் சரியாக வந்ததை வைத்துச் செயலிக்கு நம் முறை தெரியும் என்று நம்பிவிடக் கூடாது.

தொகையின் நிலை வேறு. 350,000 என்ற எண்ணில் ஓர் இலக்கமும் மாறவில்லை. எண்களை மட்டும் ஒப்பிட்டவர் சரியென்று அடையாளமிட்டு அடுத்த வரிக்குப் போயிருப்பார். போனவை “உச்சமாக”, “வரை” என்ற இரண்டு சொற்கள். அவற்றோடு, 280,000 ரூபாவில் வேலை முடிந்தால் 280,000 மட்டுமே கொடுப்போம் என்ற எங்கள் நிலைப்பாடும் போய்விட்டது. “அனுமதி கிடைத்தால்” என்பது “அனுமதியுடன்” ஆனபோது, இன்னும் வராத அனுமதி வந்துவிட்டதாகவே ஆயிற்று. “பரிசீலிக்கலாம்” என்பது “வழங்கவுள்ளோம்” ஆயிற்று. வேலையைத் தொடங்க முயல்வோம் என்றது முடித்துத் தருவோம் என்றாயிற்று. மாரி மழைக்குப் பின் நிலத்தடி நீர் உயர்ந்துவிட்டால் கிணற்றின் அடிப்பகுதியில் வேலை செய்வது கடினம் என்பதை அந்த அமைப்பினர் நன்கறிவார்கள். ஆகவே அந்த ஒரு வரியை நம்பித்தான் அவர்கள் பயிர்ச்செய்கையைத் திட்டமிடுவார்கள். மறுபக்கத்தில், மதிப்பீட்டைத் “தர வேண்டும்” என்ற அவர்களின் கடப்பாடு, மரியாதையின் பெயரில் வேண்டுகோளாகத் தளர்ந்துவிட்டது. எங்கள் பொறுப்பு இறுகி, அவர்களுடையது நெகிழ்ந்திருந்தது.

யாழ்ப்பாணத்துப் பத்திரிகை அலுவலகங்களில் ஒப்புநோக்குநர்கள் ஒருவர் வாசிக்க மற்றவர் சரிபார்க்கும் வழக்கம் இருந்தது. அது எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டிய பிரதிக்கு உரிய முறை. வாக்கியங்களே புதிதாக எழுதப்பட்டிருக்கும்போது அது உதவாது. வேர்ட் மென்பொருளில் இரண்டு ஆவணங்களை ஒப்பிடும் வசதியும் பக்கம் முழுவதையும் சிவப்பாக்கிவிடும். ஆகவே, செயலியிடம் கொடுப்பதற்கு முன்பே, யார், யாருக்கு, எதை, எவ்வளவு, எப்போது, எந்த நிபந்தனையில் என்பதை ஒரு தாளில் எழுதி வைக்கச் சொல்கிறேன். எண்ணைத் தனியாக எழுதாமல், அதற்கு முன்னும் பின்னும் நிற்கும் “உச்சமாக”, “ஏறத்தாழ”, “முற்பணம் நீங்கலாக” போன்றவற்றையும் சேர்த்தே எழுத வேண்டும். பின்னர் அந்தத் தாளிலிருந்து புதிய கடிதத்துக்குப் போனால் விடுபட்டவை தெரியும். புதிய கடிதத்தின் ஒவ்வொரு வினைமுற்றிலிருந்தும் தாளுக்குத் திரும்பினால் கூட்டிச் சேர்க்கப்பட்டவை தெரியும். இந்த இரண்டாவது பயணத்தைத்தான் பலர் தவிர்க்கிறார்கள். நாம் எழுதாத ஒன்று அங்கே இருக்கும் என்று எவரும் தேடுவதில்லை அல்லவா? மேற்படி கடிதத்தில் “மகிழ்ச்சியுடன்” என்ற சொல்லே அப்படி நுழைந்ததுதான். முடிவெடுக்கப்படாத விடயத்துக்கு மகிழ்ச்சி தெரிவித்தால், முடிவு சாதகமானது என்றே வாசிப்பவர் கொள்வார்.

“எதையாவது மாற்றினாயா” என்று அதே செயலியிடம் கேட்டுவிட்டு நிம்மதியடைவதை நான் ஏற்பதில்லை. பொருள் மாறவில்லை என்று அது பதில் தந்தாலும், கடிதத்தின் கீழே கையொப்பம் எங்களுடையதே.

அந்தக் கடிதத்தில் முகவுரையையும் முடிவுரையையும் செம்மைப்படுத்தியபடியே விட்டோம். தொகை, திகதி, வேலைக்காலம் ஆகிய மூன்று வாக்கியங்களிலும் மூலத்தையே திரும்ப வைத்து, ஓகஸ்ட் 9 என்று எழுத்தில் எழுதினோம். நடை சற்று ஒட்டாமல்தான் நின்றது. கணக்காளர் அந்தப் பந்தியை இருமுறை வாசித்துவிட்டு ஒப்பமிட்டார்.